பழைய டிமேட் கணக்கு ஒன்று, கட்டணம் இரண்டு

2024 டிசம்பர் கடைசி வாரத்தில் திருப்பூரிலிருந்து என் மச்சான் அழைத்தார். பழைய ஷேர் கணக்கில் 708 ரூபாய் பிடித்தம் என்று செய்தி வந்திருக்கிறதாம். "அஞ்சு வருசமா நான் அதுல ஒண்ணுமே வாங்கல, விக்கல. எதுக்குங்க இந்தக் காசு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்லப் போய், அவருக்குப் போய்க்கொண்டிருந்தது ஒரு கட்டணம் இல்லை, இரண்டு என்று தெரிந்தது. அந்த இரண்டாவது கட்டணத்துக்கும் முதல் கணக்குதான் காரணம்.

அவர் கதை பலருடைய கதைதான். 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் பவர் புதிய வெளியீட்டுக்கு வந்தபோது, ஷேர் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் வரிசையில் நின்றார்கள். பங்கு 450 ரூபாய், சிறு முதலீட்டாளருக்கு 20 ரூபாய் தள்ளுபடி. அதற்கு விண்ணப்பிக்க டிமேட் கணக்கு வேண்டும் என்றதும், சம்பளக் கணக்கு இருந்த வங்கியின் புரோக்கிங் பிரிவிலேயே 2007 டிசம்பரில் ஒன்று திறந்தார். கிடைத்தது 15 பங்கு. விலை விழுந்ததும் நிறுவனம் ஐந்துக்கு மூன்று என்று போனஸ் தந்தது, ஆக 24. பிறகு அதே கணக்கில் 100 ஐ.டி.சி. வாங்கினார். 2021இல் எல்லோரையும் போலப் போன் செயலி வழியாக ஒரு தள்ளுபடி புரோக்கரிடம் புதுக் கணக்கு திறந்தார். அதன் பிறகு எல்லாம் அங்கேதான். பழையது அப்படியே கிடந்தது. 2025 ஆரம்பத்தில் அந்த 24 பவர் பங்கின் மொத்த மதிப்பே ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் இருந்தது. அதைக் கட்டிக் காக்க வருடத்துக்கு 708 ரூபாய்.

காசு எங்கே, எப்படிப் போகிறது

ஷேர் கணக்கு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு கணக்கு. டிரேடிங் கணக்கில் வாங்க, விற்க உத்தரவு போடுகிறோம். அதில் இருப்பது பண வரவு செலவு, அதாவது லெட்ஜர். டிமேட் கணக்கில் பங்குகள் மின்னணு வடிவில் கிடக்கின்றன. அந்தப் பங்குகளின் கடைசிப் பதிவேடு என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றிடம் இருக்கும். நாம் நேரே அவர்களிடம் போக முடியாது. நடுவில் டெபாசிட்டரி பார்ட்டிசிபன்ட், சுருக்கமாக டி.பி., என்ற முகவர் வேண்டும். பெரும்பாலும் நம் புரோக்கரே டி.பி.யாகவும் இருப்பார்.

ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், எல்லோரும் ஏ.எம்.சி. என்று சொல்வது, இந்த டிமேட் கணக்குக்காக டி.பி. வாங்குவது. கணக்கு திறந்திருக்கிறது என்பதற்கான வாடகை என்று வைத்துக்கொள்ளலாம். லாக்கர் வாடகை மாதிரிதான். நீங்கள் லாக்கரைத் திறந்து பார்த்தீர்களா என்று வங்கி கேட்பதில்லை. தொகையை டி.பி.யே முடிவு செய்கிறார். தள்ளுபடி புரோக்கர்களிடம் 300 ரூபாய் என்பது பரவலான அளவு. சிலர் அதைக் காலாண்டுக்கு 75 என்று பிரித்து எடுக்கிறார்கள். வங்கி சார்ந்தவர்களிடம் கூடுதலாக இருக்கும். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மச்சானுக்குப் பழைய கணக்கில் 600, வரி 108, ஆக 708. புதிய கணக்கில் 300, வரி 54, ஆக 354.

இந்தக் காசு பிடிக்கப்படும் இடம்தான் குழப்பத்தின் ஊற்று. டிமேட் கணக்கில் பணம் கிடையாது என்பதால், கட்டணம் டிரேடிங் லெட்ஜரில் பற்று வைக்கப்படும், அல்லது இணைத்த வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். லெட்ஜரில் பணம் இல்லாவிட்டால் அது மைனஸுக்குப் போகும். பாக்கிக்குத் தாமதக் கட்டணம் போடும் புரோக்கர்களும் உண்டு. டிவிடெண்ட் நேராக வங்கிக்கு வந்துவிடுவதால் லெட்ஜரை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. நான்கைந்து வருடம் கழித்துப் பார்த்தால் ஒரு சிறு கடன் வளர்ந்து நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. நெடுநாள் வியாபாரம் செய்யாவிட்டால் புரோக்கர் கணக்கை இனாக்டிவ் என்று குறித்துவிடுவார். அப்படி ஒரு செய்தி வந்ததும், கணக்கு தானாகவே முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தப்படுவது டிரேடிங் மட்டும். திரும்ப வியாபாரம் செய்ய வேண்டுமானால் மறுபடி விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். டிமேட் திறந்தே இருக்கும், ஏ.எம்.சி. ஓடிக்கொண்டே இருக்கும். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் கணக்கு மூடிவிட்டது என்று நினைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கணக்கின் உண்மையான விலை

சரி, விஷயத்துக்கு வருவோம். சிறு முதலீட்டாளர் ஏ.எம்.சி. கட்டவே தேவையில்லாத ஒரு கணக்கு வகையை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான செபி 2012இலேயே கொண்டுவந்தது. பேசிக் சர்வீசஸ் டிமேட் அக்கவுன்ட், பி.எஸ்.டி.ஏ. என்று பெயர். முதலில் 50,000 ரூபாய் மதிப்பு வரைதான் இலவசம் என்று இருந்ததால் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் அளவு மாறிவிட்டது. கணக்கில் இருப்பவற்றின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஏ.எம்.சி. பூஜ்யம். 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆண்டுக்கு 100 ரூபாய்தான், வரி தனி. அதற்கு மேல் போனால் சாதாரணக் கணக்கின் கட்டணம்.

4 லட்சத்துக்குள் பங்கு வைத்திருப்பவர்கள் நம்மிடையே எவ்வளவோ பேர் உண்டு. அப்புறம் ஏன் பலருக்கு இன்னும் கட்டணம் பிடிக்கிறார்கள்? விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒருவர் தனியாகவோ, கூட்டுக் கணக்கில் முதல் பெயராகவோ வைத்திருப்பது ஒரே ஒரு டிமேட் கணக்காக இருக்க வேண்டும். என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். பான் எண்ணை வைத்துப் பார்த்துவிடுவார்கள். இரண்டு கணக்கு இருந்தால் இரண்டில் எதற்கும் சலுகை கிடையாது. வேறொருவர் முதல் பெயராக உள்ள கூட்டுக் கணக்கில் நீங்கள் இரண்டாவது பெயராக இருப்பது இதில் சேராது. மனைவி பெயர் முதலில் இருக்கும் கணக்கில் உங்கள் பெயர் இருந்தால் அது உங்கள் சலுகையைக் கெடுக்காது.

மச்சானின் பழைய கணக்கில் இருந்தவை அப்போதைய விலையில் சுமார் 43,000 ரூபாய். புதிய கணக்கில் பங்குகளும் ஈ.டி.எஃப்.களுமாக ஏறக்குறைய 2,30,000. மொத்தம் 2,73,000. ஒரே கணக்கில் இருந்தால் அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இரண்டாகக் கிடந்ததால் 708ம் 354ம் சேர்ந்து ஆண்டுக்கு 1,062 ரூபாய். பழைய கணக்கை மூடுவதால் மிஞ்சுவது 708 மட்டும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். மூடினால் மற்ற கணக்கின் கட்டணமும் சேர்ந்து நிற்கிறது என்பதைச் சொன்ன பிறகுதான் மூடும் வேலையில் அவருக்கு ஊக்கம் வந்தது.

மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அன்றன்றைய முடிவு விலையைத்தான் டி.பி. எடுத்துக்கொள்கிறார். டிமேட்டில் இருக்கும் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்டுகளும் இதில் சேரும். ஃபண்ட் நிறுவனத்தின் ஃபோலியோவில் நேரடியாக இருப்பவை சேராது. நடுவில் ஒரு நாள் மதிப்பு வரம்பைத் தாண்டினால் அந்தத் தேதியிலிருந்து அடுத்த படிக்கான கட்டணத்தைப் போடலாம் என்று விதி இருக்கிறது. 3,90,000இல் நிற்பவர் சந்தை ஏறும்போது 100 ரூபாய் பில்லை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். பெரிய இழப்பில்லை.

தகுதி இருந்தால் டி.பி.யே கணக்கை பி.எஸ்.டி.ஏ.வாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு பில் சுற்றின் முடிவிலும் தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்பது 2024 விதி. சாதாரணக் கணக்கே வேண்டும் என்று நீங்கள் சம்மதம் தந்திருந்தால் மட்டும் அப்படியே விடலாம். புரோக்கரிடமிருந்து வரும் மின்னஞ்சல்களைப் படிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தும் பழக்கம் இங்கே காசு செலவு வைக்கும்.

மூடுவதற்கு முன்

டிமேட் கணக்கை மூட அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. எனவே முதல் கேள்வி, உள்ளே இருப்பதை விற்பதா, இன்னொரு கணக்குக்கு மாற்றுவதா என்பது. விற்றால் தரகு, விற்ற பங்குக்கு டி.பி. கட்டணம், லாபம் இருந்தால் வரி. மாற்றினால் இவை எதுவும் இல்லை. கணக்கை மூடுவதற்காக எல்லாப் பங்குகளையும் உங்கள் பெயரிலேயே உள்ள இன்னொரு டிமேட்டுக்கு மாற்றும்போது டி.பி. எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்று செபி 2005 நவம்பரிலேயே உத்தரவு போட்டது. 2006 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நிபந்தனை என்னவென்றால், இரண்டு கணக்கும் எல்லா வகையிலும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். கூட்டுக் கணக்கென்றால் அதே பெயர்கள் அதே வரிசையில். அப்பா முதல், மகன் இரண்டாவது என்று இருப்பதை மகனின் தனிக் கணக்குக்கு மாற்றினால் இந்தச் சலுகை இல்லை.

இந்த "எல்லா வகையிலும் ஒன்று" என்ற இடத்தில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறோம். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். 2007இல் தாளில் நிரப்பித் திறந்த கணக்கில் பெயர் "கே. முருகேசன்" என்கிற மாதிரி இருக்கும். பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்து "முருகேசன் கந்தசாமி" என்றோ "கந்தசாமி முருகேசன்" என்றோ ஆகியிருக்கும். செயலி வழியாகத் திறந்த கணக்கு பான் அட்டையில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஆள் ஒன்று, பெயர் இரண்டு. மச்சானின் முதல் விண்ணப்பம் இதனால்தான் திரும்பி வந்தது. முதலில் பழைய கணக்கில் பான் அட்டைப்படி பெயர் மாற்ற ஒரு விண்ணப்பம், அது ஏறிய பிறகு மூடும் விண்ணப்பம் என்று இரண்டு நடை ஆனது. நீங்கள் தொடங்கும்போது இரண்டு கணக்கின் விவரத்தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். கைபேசி எண்ணையும் பாருங்கள். பங்கு மாற்றத்துக்கு ஓ.டி.பி. ஒப்புதல் கேட்கும்போது, அது நீங்கள் என்றோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போனால் வேலை அங்கேயே நின்றுவிடும். கையெழுத்தும் அப்படித்தான். பதினேழு வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்தை இன்று அதே மாதிரி போடுவது சுலபமில்லை.

அடுத்தது, நகர முடியாத பங்குகள். கடனுக்கு அடமானம் வைத்தவை, மார்ஜினுக்காகப் பிளெட்ஜ் செய்தவை விடுவிக்கப்பட்ட பிறகுதான் நகரும். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட, வியாபாரம் நிறுத்தப்பட்ட கம்பெனிப் பங்குகளை விற்க முடியாது. ஆனால் உங்கள் இன்னொரு கணக்குக்கு மாற்றப் பெரும்பாலும் வழி இருக்கும். விற்க முடியாத ஏதோ ஒரு செத்த பங்கு உள்ளே கிடப்பதால் கணக்கை மூடவே முடியாது என்று வருடக்கணக்கில் ஏ.எம்.சி. கட்டியவர்கள் உண்டு. மாற்ற விண்ணப்பித்துப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, ரெக்கார்ட் தேதி. போனஸ், பங்குப் பிரிப்பு, நிறுவனப் பிரிவினை போன்றவற்றில் ரெக்கார்ட் தேதியன்று பங்கு எந்த டிமேட்டில் இருந்ததோ அங்கேதான் புதிய பங்கு வந்து சேரும். ரெக்கார்ட் தேதிக்கும் புதிய பங்கு வருவதற்கும் நடுவே சில நாள், சில நேரம் சில வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கணக்கை மூடிவிட்டால் வர வேண்டிய பங்குக்குப் போக இடமில்லை. கம்பெனியின் பதிவாளருக்கு எழுதி, உரியவரிடம் சேராத பங்குகளை நிறுத்தி வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கிலிருந்து மீட்டெடுக்கும் அலைச்சல் தனி. எங்களுக்கு இது சரியாகக் குறுக்கே வந்தது. ஐ.டி.சி.யிலிருந்து ஐ.டி.சி. ஹோட்டல்ஸ் பிரிந்ததற்கு ரெக்கார்ட் தேதி 2025 ஜனவரி 6. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மச்சானுக்குப் பத்துப் பங்கு வர வேண்டும். புதிய பங்கு சந்தையில் பட்டியலானது ஜனவரி 29. நாங்கள் ஜனவரி முதல் வாரமே படிவத்தை எடுத்து வைத்திருந்தோம். அந்தப் பத்துப் பங்கு பழைய கணக்கில் வந்து உட்காரட்டும் என்று படிவத்தைத் தள்ளி வைத்தோம்.

படிவம்

புதிய கணக்கின் டி.பி.யிடம் சி.எம்.எல். என்ற கிளையன்ட் மாஸ்டர் லிஸ்ட்டை வாங்க வேண்டும். பெயர், பான், வங்கி, டிமேட் எண் எல்லாம் இருக்கும் ஒரு பக்கத் தாள் அது. செயலியிலேயே தரவிறக்கலாம். அதில் டி.பி.யின் முத்திரையோ டிஜிட்டல் கையொப்பமோ இருக்க வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்க மாட்டார்கள். இதைப் பழைய டி.பி.யின் மூடல் படிவத்தோடு இணைக்க வேண்டும். படிவத்திலேயே மீதிப் பங்குகளை எந்தக் கணக்குக்கு மாற்றுவது என்று கேட்டிருக்கும். கட்டணத் தள்ளுபடிக்கான பகுதி இருந்தால் அதை மறக்காமல் நிரப்ப வேண்டும். நீங்கள் படிவத்தைக் கொடுக்காமல் ஒவ்வொரு பங்காகத் தனி உத்தரவில் மாற்றினால், அது சாதாரண மாற்றம் என்று கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் கட்டணம் போட வாய்ப்பு உண்டு. மாற்றமும் மூடலும் ஒரே விண்ணப்பமாகப் போவதுதான் நல்லது.

டிமேட் எண்ணில் பிழை வந்தால் பங்கு வேறு எங்கோ போகும் அபாயம் இருக்கிறது. சி.டி.எஸ்.எல். எண் முழுக்க இலக்கங்கள், மொத்தம் 16. என்.எஸ்.டி.எல். எண் IN என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி 14 இலக்கங்களோடு முடியும். வங்கி சார்ந்த பழைய கணக்கு ஒரு டெபாசிட்டரியிலும் செயலிக் கணக்கு மற்றதிலும் இருப்பது சாதாரணம். மச்சானுக்கும் அப்படித்தான். அதனால் மாற்ற முடியாமல் போகாது, உத்தரவின் வகை மட்டும் வேறு. படிவம் தாளில் தேவையா, ஆதார் மின்கையொப்பத்தோடு ஆன்லைனிலேயே முடியுமா என்பது டி.பி.யைப் பொறுத்தது. தாளில் திறந்த பழைய கணக்குகளை மூடப் பெரும்பாலும் தாள்தான் கேட்கிறார்கள். கூட்டுக் கணக்கென்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். தாள் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு எல்லா வாதத்துக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம்.

இன்னொன்று: டிமேட்டை மூடச் சொன்னால் டிரேடிங் கணக்கும் சேர்ந்து மூடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சில இடங்களில் ஒரே படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும். இரண்டையும் குறிக்க வேண்டும். பழைய கணக்குகளில் புரோக்கருக்குப் பங்கை எடுத்து விற்கும் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்திருப்போம். அதை ரத்து செய்யும் கடிதத்தையும் கூடவே வைத்துவிடுவது நல்லது.

பாக்கியும் திரும்பி வரும் காசும்

லெட்ஜரில் பாக்கி இருந்தால் அதைக் கட்டிய பிறகுதான் மூடுவோம் என்பார்கள். கட்டுவதற்கு முன் லெட்ஜரை முழுக்கத் தரச் சொல்லி வரி வரியாகப் பாருங்கள். ஏ.எம்.சி. எத்தனை வருடத்துக்கு, தாமதக் கட்டணம் எவ்வளவு, ஒரே ஆண்டுக்கு இரண்டு முறை போட்டிருக்கிறார்களா என்று தெரியும். தாமதக் கட்டணத்தைக் கேட்டால் குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. மச்சானுக்குப் பாக்கி இல்லை, வங்கியிலிருந்தே எடுத்திருந்தார்கள்.

அவருக்கு அதற்கு நேர்மாறான பிரச்சினை. டிசம்பர் 10இல் முழு ஆண்டுக்கும் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். இப்படி முன்பணமாக வாங்கிய ஏ.எம்.சி.யை, கணக்கை மூடும்போது மீதமுள்ள காலாண்டுகளுக்குத் திருப்பித் தர வேண்டும் என்று செபி 2010 ஜூலையில் உத்தரவிட்டிருக்கிறது. ஆண்டை நான்கு காலாண்டாகப் பிரிக்க வேண்டும். தொடங்கிவிட்ட காலாண்டு முழுதாகக் கணக்கில் சேரும். டிசம்பர் 10இல் தொடங்கினால் முதல் காலாண்டு மார்ச் 9இல் முடிகிறது. பெயர்க் குழப்பத்தில் இரண்டு வாரம் போன பிறகு கணக்கு மூடப்பட்டது மார்ச் 3இல். ஆறு நாள் இடைவெளியில் தப்பினோம். மூன்று காலாண்டு மீதம், ஒரு காலாண்டுக்கு 150 ரூபாய், ஆக 450 ரூபாய் திரும்பி வர வேண்டும், ஜி.எஸ்.டி. தனி. ஒரு வாரம் தள்ளியிருந்தால் 300தான்.

தானாக வந்ததா என்றால் இல்லை. "சார், எங்க சிஸ்டத்துல ரீஃபண்ட்னு ஒண்ணு கிடையாதுங்க" என்றுதான் போனில் பேசிய பெண் சொன்னார். அவர் தவறு இல்லை, அவருக்குக் கொடுத்திருந்த தாளில் அது இல்லை. உத்தரவின் ஆண்டையும் மாதத்தையும் குறிப்பிட்டு இரண்டு மின்னஞ்சல் அனுப்பியதும் பணம் வந்தது. காலாண்டுக்கு ஒருமுறை பிடிப்பவர்களிடம் திருப்ப ஒன்றுமே இருக்காது. அங்கே அடுத்த பில் தேதிக்கு முன் மூடப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வாழ்நாள் இலவசம் என்று சொல்லித் திரும்பத் தரும் வைப்புத்தொகை வாங்கியிருந்தால், கணக்கு திறந்தபோது தந்த கட்டணத் தாளை எடுத்துப் படித்து அதைத் தனியாகக் கேளுங்கள்.

மூடிய பிறகு கிடைக்காதவை

கணக்கு மூடியதும் உள்நுழைவு போய்விடும். அதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியது முழு லெட்ஜர், ஒவ்வொரு பங்கையும் வாங்கியதற்குப் புரோக்கர் தந்த சீட்டான கான்ட்ராக்ட் நோட், டிமேட்டின் முழுப் பரிவர்த்தனைப் பட்டியல். காரணம் வரி. சொந்தக் கணக்குக்குப் பங்கை மாற்றுவது விற்பனை ஆகாது, அதனால் மூலதன ஆதாய வரி கிடையாது. வாங்கிய தேதியும் விலையும் பழையதே. ஆனால் அந்தத் தேதியும் விலையும் பங்கோடு சேர்ந்து பயணிப்பதில்லை. புதிய செயலிக்குத் தெரிவது பங்கு உள்ளே வந்த நாள் மட்டும். வாங்கிய விலை என்ற இடத்தில் பூஜ்யம் காட்டலாம், அல்லது மாற்றிய நாளின் விலையைக் காட்டலாம். பத்து வருடமாக வைத்திருந்த ஐ.டி.சி.யை மாற்றிய மூன்றாம் மாதம் விற்றால், அதைக் குறுகிய கால விற்பனை என்று அந்தச் செயலி வரி அறிக்கையில் போட்டுவிடும். பெரும்பாலான செயலிகளில் பழைய தேதியையும் விலையையும் கையால் உள்ளிட இடம் உண்டு. உள்ளிட ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

மூடும் விண்ணப்பத்தை முடிக்க டி.பி.க்கு 30 நாள் அவகாசம் என்று முதலீட்டாளர் சாசனத்தில் இருக்கிறது. இந்த நாட்களில், வாடிக்கையாளர் விலகாமல் பார்த்துக்கொள்ளும் தக்கவைப்புப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். தரகைக் குறைக்கிறோம், ஒரு வருடம் ஏ.எம்.சி. வேண்டாம் என்பார்கள். ஒரு வருடச் சலுகையால் இரண்டு கணக்கு என்ற நிலை மாறாது, மற்ற கணக்கின் 354 போய்க்கொண்டே இருக்கும். இழுத்தடித்தால் முதலில் டி.பி.யின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு எழுதலாம். அசையவில்லை என்றால் scores.sebi.gov.in தளத்தில் புகார் பதியலாம். அங்கே வந்த புகாருக்கு நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். முத்திரையிட்ட நகலை அங்கே ஏற்றும்போதுதான் அதன் அருமை தெரியும்.

உங்களுக்கு எத்தனை டிமேட் கணக்கு இருக்கிறது என்று உங்களுக்கே சந்தேகமாக இருந்தால், டெபாசிட்டரியிலிருந்து மின்னஞ்சலில் வரும் சி.ஏ.எஸ். என்ற ஒருங்கிணைந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். உங்கள் பான் எண்ணில் உள்ள டிமேட் கணக்குகள் டி.பி. பெயரோடு அதில் வரும். அதைத் திறக்கும் கடவுச்சொல் பான் எண்தான். மச்சானுக்கு மார்ச்சுக்குப் பிறகு வந்த அறிக்கையில் ஒரே கணக்கு இருந்தது. ஆனாலும் செயலிப் புரோக்கர் அடுத்த காலாண்டுக்கு 75 ரூபாயும் வரியும் பிடித்தார். இரண்டாவது கணக்கு மூடியாகிவிட்டது என்று மூடல் உறுதிக் கடிதத்தை இணைத்து, பி.எஸ்.டி.ஏ.வாக மாற்றச் சொல்லி எழுதினோம். அதற்கடுத்த பில்லில் பராமரிப்புக் கட்டணம் என்ற வரியில் 0.00 என்று வந்தது. அந்தத் திரையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, கூடவே கேட்டார்: "அந்தப் பவர் பங்கு இருபத்தி நாலையும் வித்துடலாங்களா?"